மாமாவுக்கு ஒரு கடிதம்

எங்கள் வீட்டில் காய்கறிக்காரருக்குக் கடிதம் எழுதிய முதல் ஆள் நான்தான். கிள்ளானில் அப்பா நடத்திவந்த வாழை இலைச் சாப்பாட்டுக் கடையை, கணக்காய்வு வேலையை விட்டுவிட்டு நான் பார்க்கத் தொடங்கி நாலு வருடமாகிறது. நாலு வருடத்தில் வங்கிக்கு எழுதியிருக்கிறேன், நகராண்மைக் கழகத்துக்கு எழுதியிருக்கிறேன், குளிர்பெட்டி விற்றவருக்கும் எழுதியிருக்கிறேன். ஆனால் எங்களுக்குக் காய்கறி கொண்டுவரும் மாமாவுக்கு எழுத வேண்டி வரும் என்று நினைத்ததே இல்லை.

மாமா என்றால் சொந்த மாமா இல்லை. இருபது வருடமாக செலாயாங் மொத்தச் சந்தையில் இரவோடு இரவாகக் காய்கறி எடுத்து, விடியற்காலையில் எங்கள் கடை வாசலில் இறக்குபவர். அப்பாவை "அண்ணே" என்பார். என் கல்யாணத்துக்கு மூன்று மூட்டை வெங்காயமும் ஒரு லோரி வாழை இலையும் அனுப்பிவிட்டு, பில் அனுப்ப மறந்துபோனவர். மறந்துபோனார் என்று அவர்தான் சொன்னார்.

அப்படிப்பட்டவரைப் பற்றி முதலில் சந்தேகம் கிளப்பியது அம்மா. அம்மாவுக்குத் தராசு தேவையில்லை, இலை எண்ணிக்கை போதும். "எட்டு கிலோ பீன்ஸ் வந்தா நூத்திப் பத்து இலைக்குப் பொரியல் வரும். இப்போ எண்பத்தஞ்சு இலையிலேயே சட்டி காலியாகுது. நான் கை நீளமா பரிமாறுறேனா, இல்ல பீன்ஸ் குறையுதா?" என்று ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கேட்டார். அதோடு லோரியும் தாமதம். ஆறரைக்கு வர வேண்டியது எட்டு மணிக்கு வந்தால், பதினொன்றரைக்கு இலை போட முடியாது. அந்த வாரம் இரண்டு நாள் பொரியல் இல்லாமலே கடையைத் திறந்தோம்.

அப்பா சமாதானம் சொன்னார். "மழை காலம், காய் காஞ்சிருக்கும். ரோட்டுல ஜாம். நம்ம ஆளுதானே." நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலையில் தராசை வாசலுக்கு நகர்த்தினேன்.

அதற்கு முன்பு ஒரு வேலை செய்தேன். அடுத்தவர் எடையைக் குறை சொல்வதற்கு முன் நம் தராசு சரிதானா என்று பார்க்க வேண்டும். எங்களுடையது தரையில் வைக்கும் மேடைத் தராசு, நூறு நூறு கிராமாகக் காட்டும். வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் தராசை வருடத்துக்கு ஒருமுறை சோதித்து முத்திரை வாங்க வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டத்தின் கீழ் உள்ள விதி. எங்கள் தராசின் முத்திரை ஒட்டியபடியே இருந்தது. இருந்தாலும் தரை மேடு பள்ளமாக இருந்தால் முத்திரை உதவாது. ஆகவே சமதளத்தில் வைத்து, காற்றாடியை நிறுத்தி, காலியாக இருக்கும்போது சுழி காட்டுகிறதா என்று பார்த்தேன். ஒரே அரிசி மூட்டையை மேடையின் நடுவிலும் நாலு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்தேன். எங்கே வைத்தாலும் ஒரே எண். அதே மூட்டையைப் பக்கத்து மளிகைக் கடைத் தராசிலும் வைத்தேன். அங்கேயும் அதே எண்தான். இதற்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் இந்த இருபது நிமிடம் இல்லாமல் யாரிடமும் வாயைத் திறந்திருக்கக் கூடாது.

லோரி வந்ததும் ஒவ்வொரு கூடையையும் அப்படியே எடை போட்டேன். பிறகு காயை எங்கள் பாத்திரத்தில் கொட்டிவிட்டு, காலிக் கூடையைத் தனியாக எடை போட்டேன். முதல் எடையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் காயின் சொந்த எடை. நாம் காசு கொடுப்பது அதற்குத்தான்.

தக்காளி, பில்லில் 20 கிலோ, கையில் 18.1. முட்டைக்கோஸ், பில்லில் 24, கையில் 22. கத்தரிக்காய், பில்லில் 12, கையில் 10.1. பீன்ஸ், பில்லில் 8, கையில் 6.2. வெங்காய மூட்டை மட்டும் பில்லில் 20, கையில் 19.9.

எனக்கு முதலில் வந்தது கோபம். பீன்ஸில் நூற்றுக்கு இருபதுக்கும் மேல் குறைவு! பேனாவை எடுத்துவிட்டேன். "நீங்கள் தொடர்ந்து எங்களை ஏமாற்றி வருகிறீர்கள்" என்று முதல் வரியும் எழுதிவிட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, "ஏமாத்துறாருன்னு உனக்கு எப்படித் தெரியும்? குறையுதுன்னுதானே தெரியும்?" என்றார். கணக்காய்வு அலுவலகத்தில் நான் மூன்று வருடம் கற்றுக்கொண்டதை அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார். பேனாவை வைத்துவிட்டு, அந்த எண்களையே மறுபடி பார்த்தேன்.

ஒரு குறைவு எப்படிக் குறைகிறது என்பதிலேயே அதன் காரணம் தெரியும். அனுப்புகிறவரின் தராசு தவறாக இருந்தால், எல்லாப் பொருளிலும் ஒரே விகிதத்தில் குறைய வேண்டும். நூற்றுக்குப் பத்து என்றால் தக்காளியிலும் பத்து, பீன்ஸிலும் பத்து, வெங்காயத்திலும் பத்து. வழியில் யாராவது கை வைத்தால், ஒரு நாள் இதில் குறையும், ஒரு நாள் அதில் குறையும், கணக்குக்கே வராது. காய் வாடிக் குறைந்தால், கீரையிலும் பீன்ஸிலும் அதிகமாகக் குறையும், முட்டைக்கோஸில் அவ்வளவு குறையாது.

எங்களுக்குக் குறைந்தது இந்த மூன்று மாதிரியும் இல்லை. முட்டைக்கோஸில் நூற்றுக்கு எட்டு, பீன்ஸில் நூற்றுக்கு இருபத்திரண்டு. விகிதம் எங்கெங்கோ போகிறது. ஆனால் கிலோவாகப் பார்த்தால் 1.9, 2.0, 1.9, 1.8. எல்லாம் ஒன்றுதான். கூடை இல்லாமல் மூட்டையில் வந்த வெங்காயத்தில் மட்டும் குறைவே இல்லை. காலி நீலக் கூடை ஒன்றை எடை போட்டிருந்தேனே, அது 1.9 கிலோ!

யாரும் காயைத் திருடவில்லை. கூடையையும் சேர்த்துக் காய் விலைக்கு எங்களிடம் விற்றுக்கொண்டிருந்தார்கள். கூடையோ மறுநாள் அவர்களிடமே திரும்பிப் போகிறது.

பீன்ஸ் ஏன் அம்மாவின் கண்ணில் முதலில் பட்டது என்பதும் அப்போதுதான் புரிந்தது. இருபத்துநாலு கிலோ முட்டைக்கோஸில் இரண்டு கிலோ குறைந்தால் சட்டியில் தெரியாது. எட்டு கிலோ பீன்ஸில் குறைந்தால் தெரிந்துவிடும். பணத்திலும் அப்படித்தான். எங்கள் பில்லில் பீன்ஸ் கிலோ ஒன்பது ரிங்கிட். அந்தக் கூடை ஒன்றில் மட்டும் 16 ரிங்கிட் 20 சென் போய்விட்டது. அன்றைய மொத்த நட்டம் 40 ரிங்கிட் 25 சென்.

ஒரு நாள் கணக்கை வைத்துக்கொண்டு கடிதம் எழுதினால், "அன்னைக்கு மட்டும் அப்படி ஆயிருக்கும்" என்ற ஒரு பதிலில் முடிந்துவிடும். ஆகவே இரண்டு வாரம் பொறுத்தேன். வாரத்தில் மூன்று முறை லோரி வரும். புதன்கிழமையிலிருந்து, லோரி ஓட்டும் தம்பி நிற்கும்போதே எடை போட்டேன். விநியோகச் சீட்டு இரண்டு படியிலும் உண்மையான எடையையும் லோரி வந்த நேரத்தையும் எழுதி, அவரையும் சுருக்கெழுத்துப் போட வைத்தேன். "முதலாளிகிட்ட சொல்றேன்கா" என்றார். சொன்னாரா இல்லையா தெரியாது.

இந்த இடத்தில் எங்கள் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். அதுவரை நாங்கள் எடை பார்க்காமலேதான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். அந்தச் சீட்டில் "பொருள் சரியாகப் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று மலாயில் அச்சடித்திருக்கும். அதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்துக் குறைந்தது என்று சொன்னால் எவர் ஏற்பார்? எடை போட நேரமில்லாத நாளில்கூட "எடை பார்க்கவில்லை" என்று இரண்டு சொல் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடலாம். அதைக்கூட நாங்கள் செய்யவில்லை.

தாமதத்துக்கும் அதே சீட்டுகள்தான் சாட்சி. ஆறு முறையில் ஐந்து முறை ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதம். லோரி ஓட்டும் தம்பியிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்ததில், இரண்டு மாதமாகப் புதிதாக நாலைந்து கடைகள் சேர்ந்திருக்கின்றன என்றும், மூட்டை கட்ட ஒரு புது ஆள் வந்திருக்கிறார் என்றும் சொன்னார். செலாயாங்கிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பிய லோரி இப்போது ஐந்தே முக்காலுக்குக் கிளம்புகிறது. வழியில் இரண்டு இடத்தில் இறக்கிவிட்டு வருகிறது. கூட்டரசு நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரத் தாமதம் முக்கால் மணி நேரமாகவே இருக்காது. சுபாங், ஷா ஆலம் பக்கம் வேலைக்குப் போகிறவர்களின் வாகனங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் அது ஒன்றரை மணி நேரமாகிவிடும்.

இப்போது கடிதம் எழுதலாம் என்று நினைத்தேன். அப்பா ஒப்பவில்லை. "இருபது வருஷப் பழக்கம். நேர்ல சொன்னா போதாதா? கடிதம்னா கோர்ட்டு மாதிரி இருக்கும்மா." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் நேரில் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மாமா சிரிப்பார், அப்பாவும் சிரிப்பார், தேநீர் குடிப்பார்கள், ஒரு தர்பூசணி இலவசமாக வரும். கூடையின் எடை பில்லில் அப்படியே இருக்கும். இதை இன்னொருவரிடம் எடுத்துப் போய்க் காட்டி, அவருடைய ஆள்களைக் கேட்க வேண்டியவர் மாமாதான். அதற்கு அவர் கையில் எண்கள் வேண்டும். வாய்ப்பேச்சு அந்த லோரியில் ஏறி செலாயாங் வரை போகாது.

கடைசியில் ஒரு உடன்பாடு. கடிதத்தை நான் எழுதுவது, அப்பா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது. மாமா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர், ஆகவே தமிழிலேயே எழுதினேன். இதுதான் அந்தக் கடிதம்.

"அன்புள்ள தம்பிக்கு,

காய்கறி எடைக் குறைவும் தாமதமும் பற்றி இதை எழுதுகிறோம். கடந்த இரண்டு வாரங்களில் உங்களிடமிருந்து ஆறு முறை சரக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் எடை போட்டு, வந்த நேரத்தையும் குறித்துவைத்தோம். முதல் நாள் தவிர மற்ற ஐந்து நாளும் உங்கள் லோரி ஓட்டுநர் முன்னிலையில்தான் எடை போட்டோம். சீட்டுகளின் நகல் இத்துடன் உள்ளது.

முதல் வாரம் திங்கள், காலை 6.40, நான்கு கூடை, குறைவு 7.6 கிலோ.
புதன், 7.55, மூன்று கூடை, 5.7 கிலோ.
வெள்ளி, 8.10, ஐந்து கூடை, 9.4 கிலோ.
இரண்டாம் வாரம் திங்கள், 7.40, நான்கு கூடை, 7.5 கிலோ.
புதன், 8.25, மூன்று கூடை, 5.8 கிலோ.
வெள்ளி, 8.05, நான்கு கூடை, 7.6 கிலோ.

மொத்தம் 23 கூடையில் 43.6 கிலோ குறைவு. உங்கள் பில் விலைப்படி இது 228 ரிங்கிட் 60 சென்.

எந்தக் காயாக இருந்தாலும் ஒரு கூடைக்கு ஏறக்குறைய 1.9 கிலோ குறைகிறது. காலிக் கூடையின் எடையும் அதுவே. மூட்டையில் வரும் வெங்காயத்திலும் உருளைக்கிழங்கிலும் குறைவில்லை. ஆகவே கூடையோடு சேர்த்த எடையே பில்லில் ஏறுகிறது என்று நினைக்கிறோம். உங்கள் இடத்தில் ஒருமுறை பார்க்கவும். கீரையில் தண்ணீர் வடிந்து குறைவது இயல்பு என்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

சரக்கு காலை 6.30க்கு வர வேண்டும் என்பது நம் பேச்சு. 8.30க்குள் காய் நறுக்கி முடிந்தால்தான் 11.30க்கு இலை போட முடியும். இந்த இரண்டு வாரத்தில் இரண்டு நாள் பொரியல் இல்லாமல் கடை திறந்தோம்.

எங்கள் வேண்டுகோள் மூன்று. ஒன்று, 228 ரிங்கிட் 60 சென்னை இந்த மாதப் பில்லில் கழித்துத் தரவும். இரண்டு, வரும் திங்கள் முதல் பில்லில் கூடை நீங்கிய எடையை மட்டும் எழுதவும். இறக்கும்போது இரு தரப்பும் சேர்ந்து எடை போடுவோம். மூன்று, 6.45க்கு மேல் ஆகும் என்றால் 5.30க்குள் தொலைபேசியில் சொல்லவும், நாங்கள் அன்றைய சமையலை மாற்றிக்கொள்வோம்.

வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம். 6.30 இனி முடியாது என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லவும். எந்த நேரம் முடியும் என்று தெரிந்தால் அதற்கேற்ப முடிவு செய்வோம்."

எழுதி முடித்தபின் அப்பா இரண்டு மாற்றம் செய்தார். நான் "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கியிருந்தேன். அதை அடித்துவிட்டு "அன்புள்ள தம்பிக்கு" என்று எழுதினார். கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: "நீ கொண்டுவரும் காயில் என்றைக்கும் குறை கண்டதில்லை. எடையும் நேரமும் சரியானால் வேறு ஆளைத் தேட எங்களுக்கு மனமில்லை." நான் பத்து வரியில் மறைத்துப் பேசியதை அவர் ஒரு வரியில் வெளியே வைத்துவிட்டார். சரியாகாவிட்டால் வேறு ஆளைத் தேடுவோம் என்பதும் அதில் இருக்கிறது.

கடிதத்தில் எதையெல்லாம் எழுதாமல் விட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதமாகக் குறைகிறது என்று எனக்கு உள்ளூரத் தெரியும். ஆனால் எடை போட்டது இரண்டு வாரம்தான். காட்ட முடிந்த 228 ரிங்கிட்டைக் கேட்டால் அது கணக்கு. காட்ட முடியாத ஆயிரம் ரிங்கிட்டைக் கேட்டால் அது வாக்குவாதம், அந்த வாக்குவாதத்தில் காட்ட முடிந்ததும் காணாமல் போகும். பொரியல் இல்லாத நாளில் திரும்பிப் போன வாடிக்கையாளர்களுக்கும் விலை போடவில்லை. எத்தனை பேர் என்று எனக்கே தெரியாது.

சட்டத்தையும் இழுக்கவில்லை. 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தில், பேசியதைவிடக் குறைவாகச் சரக்கு வந்தால் வாங்குபவர் அதை மறுக்கலாம், ஏற்றுக்கொண்டால் பெற்ற அளவுக்குப் பேசிய விலையைக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. நியாயம் எங்கள் பக்கம்தான். ஆனால் காலை ஏழரைக்கு, அடுப்பு எரியும்போது, வந்த தக்காளியைத் திருப்பி அனுப்பிவிட்டு நான் எதை வைத்துச் சாம்பார் வைப்பது? பயனீட்டாளர் தீர்ப்பாயமும் எங்களைப் போன்றவர்களுக்கு உதவாது. அது வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்கானது, விற்பதற்காக வாங்குகிறவர்களுக்கு இல்லை. தராசிலேயே திருட்டு என்று தெரிந்தால் உள்நாட்டு வாணிப அமைச்சின் அமலாக்கப் பிரிவிடம் போகலாம். இங்கே தராசில் தவறில்லை, சீட்டில்தான் தவறு. முதல் கடிதத்திலேயே மிரட்டிவிட்டால் இரண்டாவது கடிதத்தில் எழுத ஒன்றும் இருக்காது.

செவ்வாய்க்கிழமை மாலை அப்பா கடிதத்தைக் கொண்டுபோனார். மாமா அதைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம். புதன்கிழமை லோரி ஏழே முக்காலுக்கு வந்தது, ஓட்டுநர் தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று இரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. "இருபது வருஷம்" என்று மட்டும் ஒருமுறை சொன்னார். நான் செய்தது சரிதானா என்று எனக்கும் ஆட்டம் கண்டது.

வியாழக்கிழமை மத்தியானம், கூட்டம் குறைந்த நேரத்தில் மாமா வந்தார். கையில் ஒரு காலி நீலக் கூடை. அதை எங்கள் தராசில் வைத்தார். 1.9. ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்தார்.

"அத்தை இருந்தவரைக்கும் அவங்கதாம்மா எடை எழுதுவாங்க. கூடைக்கு ரெண்டு கிலோ கழிச்சிட்டுத்தான் சீட்டுல எழுதுவாங்க. இந்தப் பையன்கிட்ட அதை யாருமே சொல்லலை. அவன் தராசு காட்டுனதை அப்படியே எழுதிட்டான்."

அத்தை தவறிப்போனது மூன்று மாதத்துக்கு முன்பு. நாங்கள் எல்லாரும் சாவுக்குப் போயிருந்தோம். கூடையின் எடை அத்தையின் தலைக்குள் இருந்தது, வேறு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஏமாற்றுகிறீர்கள் என்ற அந்த முதல் வரியோடு கடிதம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

"ரெண்டு கடைக்காரங்க போன மாசம் ஒண்ணும் சொல்லாம நின்னுட்டாங்க. ஏன்னு எனக்குத் தெரியலை. இப்போதான் தெரியுது" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "நீங்களாவது எழுதினீங்களேண்ணே" என்றார்.

அதற்குப் பின் பேசியதெல்லாம் வேலைப் பேச்சு. மாதப் பில்லில் 228 ரிங்கிட் 60 சென் கழிக்கச் சம்மதித்தார். கூடைகள் நனைந்திருந்தால் நூறு இருநூறு கிராம் கூடும் என்பதால், குத்துமதிப்பாகக் கழிக்காமல், இறக்கும் இடத்திலேயே காலிக் கூடையை எடை போட்டுக் கழிப்பது என்று முடிவானது. காயில் நூற்றுக்கு இரண்டு வரை குறைந்தால் இயல்பென்று விட்டுவிடுவோம், அதற்கு மேல் போனால் அன்றே சீட்டில் எழுதுவோம். கீரையைத் தண்ணீர் உதறிவிட்டு எடை போடுவது.

நேரத்தில் மட்டும் நாங்கள் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. திங்கள், வெள்ளி 6.30க்கு முதல் கடையாக எங்களிடம் இறக்குவதாகச் சொன்னார். புதன்கிழமை ஏழே காலுக்கு முன்னால் முடியாது என்று நேராகவே சொல்லிவிட்டார், அன்றைக்கு ஷா ஆலமில் ஒரு பெரிய சமையற்கூடத்துக்கு முன்னால் இறக்கியாக வேண்டும். அம்மாதான் வழி கண்டுபிடித்தார். வெங்காயம், உருளை, பூசணி, முட்டைக்கோஸ் இரண்டு இரவு இருந்தால் கெட்டுப்போவதில்லை. புதன்கிழமைக்கானவற்றைத் திங்களன்றே சேர்த்து வாங்கிக்கொண்டு, அன்றைய பொரியலை முட்டைக்கோஸாக மாற்றிவிட்டார். ஏழே காலுக்கு வரும் தக்காளியும் கீரையும் சாம்பாருக்கும் மசியலுக்கும் போதுமான நேரத்தில் வந்துவிடுகின்றன.

இது நடந்து ஏழு வாரமாகிறது. இதுவரை இரண்டு நாள் தாமதம், இரண்டு நாளும் ஐந்தரைக்கு முன்பே தொலைபேசி வந்தது. ஒரு நாள் கத்தரிக்காயில் அரைக் கிலோ குறைந்தது, சீட்டிலேயே எழுதித் திருத்திக்கொண்டோம். தராசு வாசலிலேயே நிற்கிறது. முதல் வாரம் அதைப் பார்த்தால் அப்பாவுக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது மாமாவே இறங்கியதும், "பாப்பா, தராசைப் போடு" என்கிறார்.

அவருடைய கடையிலும் ஒரு அட்டை தொங்குகிறதாம். அதில் பெரிய எழுத்தில் எழுதியிருப்பது: கூடை 1.9 கிலோ, கழிக்கவும்.